பால் வார்த்த வரி

சிக்கந்தர் வாத்தியாரிடம் போகிற போக்கில் "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு யோசிப்பார். இடது முட்டி கொஞ்சம் வலி, மற்றபடி சௌக்கியம், காலையில் சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை என்று வரிசையாகச் சொல்வார். அந்த மனிதருக்குச் சொல் என்றால் சொல். அதில் பாதியை எடுத்துக்கொள்வது, மீதியை விட்டுவிடுவது என்கிற பழக்கமே கிடையாது. நாம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டோம் என்பது அவருக்குக் கடைசி வரை புரியவில்லை.

அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நான் ஜானு. மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு முன்கட்டில் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் சுப்பராமனுக்குத் தமிழில் வரி எழுதுகிற வியாதி உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவன்கூட அவர் எழுதிய நாலு வரியைக் கேட்காமல் போகமுடியாது. புரூஃப் பார்ப்பது, பேப்பர் வாங்குவது, வேலையாட்களைத் திட்டுவது எல்லாம் என் பொறுப்பு. திட்டுவதில் எனக்கு நல்ல பெயர்.

சிக்கந்தர் வாத்தியார் விளாங்குடிக்காரர். திருப்பரங்குன்றத்து மலைமேல் இருக்கிற சிக்கந்தர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பிறந்ததால் அந்தப் பெயர். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் அரபி வாத்தியாராக இருந்தார். பள்ளிவாசல் நோட்டீசு, நிக்காஹ் பத்திரிகை எதிலாவது அரபி வரி வந்தால் எங்களுக்கு அவர்தான் கதி. மதுரையில் அரபி எழுத்துக்கு அச்சு கிடையாது. நாணல் பேனாவை இந்தியன் இங்க்கில் தோய்த்து, வழவழப்பான அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுப்பார். அதைச் சிவகாசிக்கு அனுப்பிக் கேமராவில் சின்னதாக்கி நெகட்டிவ் எடுத்து வருவோம். அவர் எழுத்து அத்தனை அழகு. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அவருக்கு ஒரு வேலை முறை உண்டு. மதரஸாவில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அரபியில் ஒரு சொல், நேர் கீழே அதற்குத் தமிழ்ச் சொல், அடுத்த சொல், அதற்குக் கீழே அடுத்தது. வேதத்துக்கு அர்த்தம் சொல்லும்போது ஒன்றைக் கூட்டினாலும் பாவம், குறைத்தாலும் பாவம். அதே முறையில்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தார். அதே முறையில்தான் எங்கள் நோட்டீசையும் மொழிபெயர்த்தார்.

"அடுத்தவர் சொல் நம்ம கையில அமானிதம், மாமி. வாங்கினபடியே திருப்பிக் கொடுத்துடணும்" என்பார்.

நான் சிரிப்பேன். "நீங்க சாம்பாரைக்கூடக் கத்தரிக்காய் தனி, பருப்பு தனியாத்தான் சாப்பிடுவேள் போலிருக்கே" என்பேன். அவர் உடனே, இல்லை மாமி, சேர்த்துத்தான் சாப்பிடுவேன் என்று பதில் சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அன்னக்கொடியின் வேலை வந்து சேர்ந்தது.

அன்னக்கொடி கொட்டாம்பட்டிப் பெண். எங்கள் தெரு கிளினிக்கில் நர்சாக இருந்தவள், எனக்குத் தங்கை மாதிரி. ஓமான் நாட்டில் வேலை கிடைத்துப் போனாள். மஸ்கட்டிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தாய்மார்கள் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்களாம். உள்ளே போனால்தானே வெளியே போகும் என்று கணக்கு. நம் ஊரிலும் அதே கணக்குத்தான், அதனால்தான் நம் மாதர் சங்கத்துக்காக நாங்கள் ஒரு போஸ்டர் அடித்திருந்தோம். மூன்று படம். துவண்டு கிடக்கிற பிள்ளை, ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைத் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஸ்பூனால் புகட்டுகிற தாய், எழுந்து விளையாடுகிற பிள்ளை. தலைப்பில் 'ஆற்றில் வெள்ளம் வருமுன் கரையைப் போடு' என்று நம் ஊர்ப் பழமொழி ஒன்று. கீழே என் வீட்டுக்காரரின் வரிகள். "உங்கள் கண்மணிக்கு ஒவ்வொரு தடவை வயிறு போனபின்னும் இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை பிழைக்கும்; பெற்ற வயிற்றில் பால் வார்க்கும்."

அந்தக் கடைசி வரிக்கு அவர் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். அன்னக்கொடி லீவில் வந்தபோது அந்தப் போஸ்டரைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமி, இதையே அரபியில அடிச்சுக் குடுங்க. எங்க ஆஸ்பத்திரிச் செவத்துல ஒட்டுறேன்" என்றாள்.

சிக்கந்தர் வாத்தியார் அதற்காக எடுத்துக்கொண்ட சிரத்தை எனக்குத் தெரியும். அரபி வலமிருந்து இடமாகப் படிக்கிற எழுத்து. படங்களை அப்படியே விட்டால் விளையாடுகிற பிள்ளை தண்ணீர் குடித்துத் துவண்டு போனதாக ஆகிவிடும் என்று சொல்லி, மூன்றையும் இடம் மாற்றி ஒட்டச் சொன்னவர் அவர்தான். என் வீட்டுக்காரருக்கே அது தோன்றவில்லை. ஆனால் வரிகளை வாத்தியார் தன் பழக்கப்படிதான் செய்தார். ஆறு, கரை, கண், மணி, பெற்ற, வயிற்றில், பால், வார்க்கும். ஒன்று குறையாமல் வாங்கினபடியே திருப்பிக் கொடுத்தார். அன்னக்கொடிக்கு அரபி பேச வரும், படிக்க வராது. எழுத்தின் அழகைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக எடுத்துப் போனாள்.

அடுத்த லீவில் அவள் பிரஸ்ஸுக்குள் வந்தபோது கையில் அந்தப் போஸ்டரில் ஒன்று மடித்து இருந்தது. வாத்தியார் அன்று வேறு ஏதோ நிக்காஹ் பத்திரிகைக்காக வந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க தங்கச்சி. நம்ம போஸ்டர் நல்லா இருக்கா?"

அவர் கேட்டால் அது நிஜமான கேள்வி. அவளுக்கும் அது தெரியும். மழுப்ப முடியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒட்டியது போக ஒன்றிரண்டை ஊர்க்கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே பெண்களில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. யாராவது படித்துச் சொல்ல, காதால் கேட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். சலீமா என்று ஒருத்தி. அவள் பிள்ளைக்கு வயிறு போயிருக்கிறது. கடைக்காரர் போஸ்டரைப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஆறு, கரை என்று என்னவோ வந்தது; அது வெள்ளம் வருகிற ஊர்க்காரர்களுக்கான அறிவிப்பாக இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். கண் என்றும் மணி என்றும் வந்தது. கண்ணேறு படாமலிருக்கக் கட்டுகிற மணியைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் வயிற்றில் பால் வார்க்கவேண்டும் என்று இருந்தது. அது மட்டும் அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. வாத்தியார் கிதாபில் படித்த பாலுக்கான சொல் அந்த ஊர்ப் பேச்சில் மோரைக் குறிக்குமாம்.

"பிள்ளை அந்த உப்புத் தண்ணியக் குடிக்க மாட்டேன்னு துப்பிருச்சு போல, பாய். இவ சரி, அது போகட்டும், மத்ததையாச்சும் செய்வோம்னு மணியக் கட்டிவிட்டா. மோர எடுத்துப் பிள்ளை வயித்து மேல ஊத்தி ஊத்தித் தொடைச்சிருக்கா. குடிக்க ஒண்ணுமே குடுக்கல. எங்கிட்ட தூக்கிட்டு வரும்போது கண்ணு உள்ள போயிருச்சு. தோல நிமிட்டி விட்டா அப்பிடியே நிக்குது."

வாத்தியார் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பிள்ளை?" என்றார்.

"பொழச்சிருச்சு. டிரிப்பு ஏத்தி ஏத்திப் பொழைக்க வச்சோம்."

அன்னக்கொடியே தொடர்ந்தாள். பெரிய டாக்டர் போஸ்டரை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார். சரியாக எழுதி வந்தால் மறுபடி ஒட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார். பேரீச்சை பழுக்கிற காலம் வரப்போகிறது. வெயிலும் ஈயும் அப்போதுதான் அதிகம், பிள்ளைகள் வரிசையாக வந்து விழும். அதற்குள் வேண்டும்.

வாத்தியார் தன் பேனா டப்பாவை எடுத்தார். தகர டப்பா, உள்ளே நாணல் பேனாக்கள். அதை என் மேஜைமேல் வைத்தார்.

"மாமி, இதை வச்சுக்கங்க. வாணியம்பாடியில பெரிய ஆலிம்கள் இருக்காங்க. நான் விலாசம் தாரேன். அவங்க எழுதட்டும்."

எனக்கு வந்ததே கோபம். "அழகா இருக்கே. நீங்க பாட்டுக்குப் பேனாவை வச்சுட்டுப் போயிட்டா அந்தப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து உக்காந்துடுமோ? வாணியம்பாடிக்குக் கடுதாசி போட்டு, அவா பதில் போட்டு, இவ பிளேன் ஏறினப்புறம் வந்து சேரும். டப்பாவை எடுங்கோ மொதல்ல."

"நான் எழுதினதால ஒரு பிள்ளை சாகப் பாத்துச்சு, மாமி."

அன்னக்கொடிதான் பேசினாள்.

"பாய், வாணியம்பாடிக்காரங்களுக்கு அரபி தெரியும். எங்க பொம்பளைங்க பேச்சு தெரியுமா? அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு எழுத்து தெரியாது. உங்களுக்கு எழுத்து தெரியும். ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்தா ஆகாதா? சொல்லுக்குச் சொல் வேணாம். இங்க ஒரு தாயி என்ன சொல்லுவாளோ, அதுக்கு அங்க ஒரு தாயி என்ன சொல்லுவாளோ, அத எழுதுவோம்."

வாத்தியார் தலையை ஆட்டினார். சம்மதம் என்று ஆட்டவில்லை. "அவர் எழுதினது ஒண்ணு, நான் எழுதுறது ஒண்ணுன்னா அது மொழிபெயர்ப்பா, தங்கச்சி? அவர் பால்னு எழுதியிருக்கார். நான் அதை எடுத்துட்டு வேற ஒண்ணை வைக்க எனக்கு என்ன பாத்தியதை? அமானிதத்துல கை வைக்கிறதில்லையா அது?"

பாருங்கள் இந்த மனிதரை. உயிர் போகிற சமாச்சாரம் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நெஞ்சு கரைந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அடுத்தவர் சொல்லைத் தொடக் கை வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

அதுவரை மெஷின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தன் வரியில் ஒரு கமாவை எடுத்தால்கூட ரெண்டு நாள் பேசாமல் இருக்கிறவர் அவர். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயம்தான்.

"ஓய், அந்த வரி யாரோடது?"

"உங்களோடது, சாமி."

"என்னோடதுன்னா நான் சொல்றதைக் கேளும். அதைத் தூக்கிப் போடும். நான் பாலைப் பத்தியா எழுதினேன்? கொழந்தை பொழைச்சு எழுந்தா பெத்தவளுக்கு எப்படி இருக்குமோ, அதை எழுதினேன். அதை மட்டும் அங்கே கொண்டு சேர்த்துடும். பாலை இங்கேயே வச்சுக்கறேன்."

வாத்தியார் அவரையே பார்த்தார். "மனப்பூர்வமாத்தானே சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டால் அது நிஜமான கேள்வி.

"மனப்பூர்வமாத்தான்."

வாத்தியார் டப்பாவைத் திறந்தார். என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த பிரியம் வேறு எப்போதும் வந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் நேராக எங்கள் பிரஸ்ஸுக்கு வந்துவிடுவார். அன்னக்கொடியும் வந்துவிடுவாள். அவர் ஒரு வரியை அரபியில் சொல்வார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "இது பள்ளிவாசல்ல பேசுற மாதிரி இருக்கு பாய், அடுப்படியில இப்பிடிப் பேச மாட்டாக" என்பாள். அவர் அதை அடித்துவிட்டு இன்னொன்று சொல்வார். எழுதும்போது எழுத்துக்குரிய ஒழுங்கை அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். கேட்கும்போது காதுக்கு அந்நியமாக இருந்தால் அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள். நடுவில் நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தலைப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆறும் கரையும் போனது. அதே புத்தியைச் சொல்ல, முதலில் ஒட்டகத்தைக் கட்டு, அப்புறம் ஆண்டவனை நம்பு என்று அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறதாம். வாத்தியார் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அன்னக்கொடி மிச்சத்தைச் சொல்லிவிட்டாள். அங்கே அதைச் சொல்லாத பெரிய மனுஷனே கிடையாது என்றாள்.

கண்மணியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

"பிள்ளைய அங்க எப்படிக் கொஞ்சுவாங்க, தங்கச்சி?" என்று வாத்தியார் கேட்டார்.

"ஈரல்னு சொல்லுவாக பாய். என் ஈரலே, என் ஈரலேன்னு முத்தம் குடுப்பாக."

"ஆமா, ஆமா, கிதாபிலயும் இருக்கு. ஈரலின் துண்டுன்னு." அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன கண்றாவி இது, கொழந்தையைப் போய் ஈரல்னு" என்றேன் நான்.

அன்னக்கொடி சிரித்தாள். "ஏன் மாமி, பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஈரக்கொலையே நடுங்கிருச்சுன்னு நாம சொல்றதில்லையா? அது மட்டும் என்னவாம்?"

கண்மணி போய் ஈரல் துண்டு வந்து உட்கார்ந்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அந்தத் தாய்மார்களுக்கு அதுதான் கண்மணி.

கடைசி வரியில் வேலை நின்றுவிட்டது. வாத்தியார் மகிழ்ச்சி என்று ஒரு சொல் வைத்தார். அன்னக்கொடி உதட்டைப் பிதுக்கினாள். நிம்மதி என்று ஒன்று வைத்தார். அது ஆபீசு வார்த்தை என்றாள். நெஞ்சு, மனசு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எல்லாம் அர்த்தம் சரிதான், ஆனால் ஒரு தாயும் அப்படிச் சொல்லமாட்டாள் என்றாள். வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி டப்பாவுக்குள் போய்விடுமோ என்று எனக்குப் பக்கென்றது.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, அந்தச் சலீமாவோட பிள்ளை முதல்ல கண்ணத் தொறந்துச்சுல்ல. அப்ப வார்டுல இருந்த மத்த பொம்பளைங்க அவகிட்ட என்ன சொன்னாங்க? சொன்னபடியே சொல்லுங்க."

அவள் யோசிக்கவே இல்லை. "எல்லாரும் வந்து அவ தலையில முத்தம் குடுத்துட்டு, 'கர்ரத் ஐனிஷ்'னு சொன்னாக. யார் வீட்டுப் பிள்ளை பொழச்சாலும் அதத்தான் சொல்லுவாக. ஊருக்குப் போன மகன் திரும்பி வந்தாலும் அதான்."

வாத்தியாரின் உதடு அசைந்தது. ஏதோ ஓதுகிறார் என்று தெரிந்தது. ஓதி முடித்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன வாத்தியாரே?" என்றேன். திட்டுகிற குரல் எனக்கு வரவில்லை.

"மூஸா நபியோட தாயார் கதை, மாமி. பச்சைப் பிள்ளைய ராஜா கொன்னுடுவான்னு பயந்து பெட்டியில வச்சு ஆத்துல விடுறாங்க. அந்தப் பிள்ளைய ஆண்டவன் திரும்பத் தாய்கிட்டயே சேர்க்கிறான். எதுக்குச் சேர்த்தான்னா, அவ கண் குளிரணும், அவ கவலைப்படக் கூடாது, அதுக்காகன்னு வேதத்துல வருது. அதே சொல்லுதான் தங்கச்சி இப்பச் சொன்னது. உன் கண் குளிரட்டும்னு."

"நாமளும்தான் கண் குளிரப் பாத்தேன்னு சொல்றோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா சாமி. எத்தனையோ வருஷமா பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லியிருக்கேன். கண், அதுக்குக் கீழே கண். குளிர்தல், அதுக்குக் கீழே குளிர்தல். சரியாத்தான் வச்சேன். ஆனா இதை ஒரு ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைக்குச் சொல்லுவாங்கிறது எனக்குத் தோணவே இல்ல. வேதத்துக்குள்ளயே இருக்குன்னு நினைச்சுட்டேன். அது அடுப்படியில இருந்திருக்கு."

வசனத்தை அப்படியே போடலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வாத்தியார் வேண்டாம் என்றுவிட்டார். சுவரொட்டி கிழியும், காலடியில் விழும், வேத வசனத்துக்கு அந்த மரியாதைக் குறைவு ஆகாது. அந்தப் பெண்கள் வாயில் புழங்குகிற சொல்லாக, பிள்ளை குணமாகி உன் கண் குளிரும் என்று போடுவோம் என்றார். எழுதி, அன்னக்கொடிக்குப் படித்துக் காட்டினார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். திறக்கும்போது அவள் கண்ணும் நனைந்திருந்தது.

"இத யாரும் வெளக்கிச் சொல்லவே வேணாம் பாய்" என்றாள்.

இந்த முறை இன்னொன்றும் செய்தார். எழுதி முடித்த அட்டையைக் கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு வரியையும் அன்னக்கொடியைத் தமிழில் திருப்பிச் சொல்லவைத்தார். அவள் சொல்வதும் படமும் பொருந்துகிறதா என்று பார்த்தார். வயிற்றுக்குமேல் எதையாவது ஊற்று என்று எங்கேயும் கேட்கவில்லையே என்று பல தடவை கேட்டுவிட்டார். அதற்கு அப்புறம்தான் சிவகாசிக்கு அனுப்ப விட்டார். போஸ்டர் அடித்து, ஈரம் காய்ந்து, கட்டி, அன்னக்கொடி எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போனபின் வாத்தியார் சரியாக இல்லை. சௌக்கியமா என்று கேட்டால், "தெரியல மாமி" என்பார். பேரீச்சை பழுத்திருக்குமா, ஓமானில் இப்போது வெயில் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? நானும் அவரைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். ராத்திரி சாமி விளக்கு ஏற்றும்போது முகம் தெரியாத அந்தச் சலீமாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வேன்.

ஒரு நாள் அன்னக்கொடியின் தம்பி விருமாண்டி வந்தான். அவனும் அங்கேயே கட்டட வேலையில் இருந்தான். லீவில் வந்தவன் கையோடு ஒரு கேசட் கொண்டுவந்தான். அந்த நாளில் வளைகுடாவிலிருந்து குரலைக் கேசட்டில் பிடித்து அனுப்புவது வழக்கம். "அக்கா இத பாய் கையில குடுத்து, நீங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேக்கணும்னு சொல்லுச்சு" என்றான். வாத்தியாரை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். முட்டி வலியோடு அவர் சைக்கிள் மிதித்து வந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டேப் ரெக்கார்டரைப் பிரஸ் மேஜைமேல் வைத்தோம். மெஷினை நிறுத்தினார் என் வீட்டுக்காரர். முதலில் அன்னக்கொடியின் குரல் வந்தது.

"பாய், மாமி, சாமி எல்லாரும் நல்லா இருக்கீகளா. போஸ்டர இங்க எல்லாப் பக்கமும் ஒட்டியாச்சு. கடைக்காரர் சத்தமாப் படிக்கிறாரு, பொம்பளைங்க கூடவே சேந்து சொல்றாக. இந்த வருசம் பிள்ளைங்க வருது. ஆனா வரும்போதே அவுக அம்மா கையில தண்ணி டம்ளரோட வருது. டிரிப்பு ஏத்துற வேலை எனக்கு எம்புட்டோ கொறஞ்சிருச்சு. சலீமா மூத்த பிள்ளைக்கும் வந்துச்சு. அவளே கரைச்சுக் குடுத்து, துப்பத் துப்பக் குடுத்து, வீட்டுலயே பொழைக்க வச்சுட்டா. இந்த எழுத்து எழுதுன ஆளு யாருன்னு கேட்டா. எங்க ஊரு வாத்தியாருன்னு சொன்னேன். அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்னா. இந்தா, அவளே பேசுறா."

கொஞ்சம் கரகரவென்று சத்தம். பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெண் குரல். கூச்சப்பட்டுக்கொண்டே ஆரம்பித்தது. அரபியில் மெதுவாக ஏதோ சொல்லி, கடைசியில் ஒரு சின்ன வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னது. அதற்குள் எனக்கே அந்தச் சொல் காதில் பழகியிருந்தது. கர்ரத் ஐனக், கர்ரத் ஐனக்; பெண்ணுக்கு ஐனிஷ் என்பது ஆண்பிள்ளைக்குச் சொல்லும்போது ஐனக் ஆகிவிடுமாம்.

கேசட் ஓடி நின்றது. வாத்தியார் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் அவர் வாயால் கேட்கவேண்டும் போல இருந்தது. கண், குளிர்தல் என்று ஒவ்வொன்றாக வைப்பார் என்றுதான் நினைத்தேன்.

"என்ன சொல்றா, வாத்தியாரே?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வயித்துல பால் வார்த்தீங்கன்னு சொல்றா, மாமி" என்றார்.